முழு ரகசியம் என்று ஓர் அழைப்பு: கானாடுகாத்தான் ஹோட்டல் ஒன்றின் எக்ஸிட் இன்டர்வியூ

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறது ஒரு நிறுவனம். தலைமை அலுவலகமும் எச்.ஆர். பிரிவும் சென்னையில். இங்கே ஜி.எம். தொடங்கி தோட்டக்காரர் வரை 42 பேர். ஒரே ஆண்டில் ஒன்பது பேர் வேலையை விட்டார்கள். 42 பேர் உள்ள இடத்தில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. ஒன்பது பேரிடமும் எக்ஸிட் இன்டர்வியூ, அதாவது ஏன் போகிறீர்கள் என்று விடைபெறுகிறவரிடம் கேட்கும் பேட்டி, எடுத்ததாகக் கோப்பு சொன்னது. அந்தக் கோப்பைப் படித்தால் எதுவுமே தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. நான்கு பேருக்கு 'சொந்தக் காரணம்', மூன்று பேருக்கு 'நல்ல வாய்ப்பு', ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்கு உடல்நலம். ஹோட்டலில் எது பிடித்தது என்ற கேள்விக்கு ஒன்பது பேரும் ஒரே குரலில் 'எல்லாம்'. எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு 'ஒன்றுமில்லை'.

காரைக்குடியில் சிறிய நிறுவனங்களுக்குப் பணியாளர் விவகாரங்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் கோப்பு என்னிடம் வந்த நேரத்தில் பத்தாவதாக ஒருவர் ராஜினாமா கொடுத்திருந்தார். ஃப்ரண்ட் ஆபீஸில் ஆறு ஆண்டு வேலை பார்த்த பெண். ஒரு மாத நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எச்.ஆர். அனுப்பிய அழைப்பைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். இரு தரப்பும் சம்மதித்தே எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோட்டீஸின் ஆறாம் நாள் வந்த மின்னஞ்சல் இது:

"பொருள்: உங்கள் எக்ஸிட் இன்டர்வியூ. கவலை வேண்டாம், சாதாரண உரையாடல்தான்!

அன்புடையீர், எங்கள் குடும்பத்தில் ஒருவராக இத்தனை ஆண்டுகள் இருந்ததற்கு நன்றி. நீங்கள் விடைபெறும் முன் உங்கள் அனுபவத்தைக் கேட்டறிய 45 நிமிட எக்ஸிட் இன்டர்வியூவுக்கு அழைக்கிறோம். இதில் சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் கிடையாது. தயங்காமல் மனம் திறந்து பேசலாம். நீங்கள் சொல்லும் அனைத்தும் முழு ரகசியமாக வைக்கப்படும். உங்கள் பதில்கள் இறுதி செட்டில்மென்ட்டையோ ரிலீவிங் லெட்டரையோ எந்த விதத்திலும் பாதிக்காது. கலந்துகொள்வது முழுக்க உங்கள் விருப்பம். புதன்கிழமை மாலை 4 மணி, ஜி.எம். அறை."

குற்றம் சொல்ல முடியாத கடிதம் என்று தோன்றும். எச்.ஆர். பயிற்சி வகுப்பில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். தன்மையாகப் பேசுகிறது, நன்றி சொல்கிறது, பயத்தைப் போக்கப் பார்க்கிறது. எழுதிய பெண்ணும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். முன்பு ஒரு வேலையை விட்டபோது தன்னையே ஒரு எக்ஸிட் இன்டர்வியூவில் குறுக்கு விசாரணை மாதிரி கேட்டார்களாம், அப்படி யாருக்கும் நேரக் கூடாது என்றுதான் இந்த வாசகங்களைச் சேர்த்தேன் என்றார்.

ஆனால் ஃப்ரண்ட் ஆபீஸ் பெண் இதை எப்படிப் படித்தார் என்பது வேறு கதை. வேலையை விட்ட பிறகு என்னிடம் சொன்னார்: "கவலை வேண்டாம்னு தலைப்புலயே போட்டிருந்தாங்க சார். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கவலையும் இல்ல. செட்டில்மென்ட்ட பாதிக்காதுன்னு படிச்சப்புறம்தான், அப்படின்னா பாதிக்க வழி இருக்குன்னுதானே அர்த்தம்னு தோணுச்சு." ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த மூத்த பெண்மணி ஒருவரிடம் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் கொடுத்த யோசனை சுருக்கமானது: "காசு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தெறக்காத தாயி. எல்லாம் நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு வா."

ஒன்பது பேரின் கோப்பும் ஏன் ஒரே மாதிரி இருந்தது என்பதற்கு அந்த அம்மாவின் இரண்டு வாக்கியங்களே போதுமான விளக்கம்.

நோட்டீஸ் காலத்தில் இருப்பவர் எதற்காகப் பயப்படுகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. போகிறவர்தானே, இனி இவர்களுக்கு என்ன பயம் என்று முதலாளிகள் என்னிடம் கேட்பதுண்டு. நிலைமை நேர் எதிர். வேலையில் இருக்கும்போது மாதா மாதம் சம்பளம் தானாக வந்துகொண்டிருக்கும். நோட்டீஸ் கொடுத்த பிறகு, வர வேண்டியதெல்லாம் மொத்தமாக எதிர்த் தரப்பின் கையில் நிற்கும். கடைசி மாதச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிய வேண்டும். பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு ஊழியரே போர்ட்டலில் பதிந்துகொள்ளலாம், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்குக் கூடுதலாகப் பணிக்கொடையும் இருந்தது. கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 18,200 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 10,500. ஆறு ஆண்டுக்கு 63,000. இவர் வீட்டுக்கு அது ஒரு பெரிய தொகை.

புதிய இடத்தில் பழைய ஜி.எம்.மைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பது இன்னொரு பயம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஹோட்டல் நடத்துகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சென்னையில் யாரோ ஒரு எச்.ஆரிடம் சொன்ன வார்த்தை காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும் என்று இங்கே வேலை பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். முழுக்கத் தவறான நம்பிக்கையும் இல்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். அதில் மூன்று உறுதிமொழிகள் இருக்கின்றன: ரகசியம், விருப்பம், பாதிக்காது. மூன்றையும் நிறுவனத்தின் மற்ற காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் வேலையில் இந்த ஒப்பீடுதான் முக்கியம். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாசகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

முதலில் ரகசியம். மின்னஞ்சலோடு ஒரு காலண்டர் அழைப்பும் போயிருந்தது. அதில் அழைக்கப்பட்டவர்கள் பட்டியல் அந்தப் பெண்ணின் போனில் அப்படியே தெரிந்தது. எச்.ஆர்., அவர், ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர், ஜி.எம். என நான்கு பெயர். எச்.ஆர். பெண்ணிடம் கேட்டேன். மேனேஜர்கள் இருவரும் பேட்டியில் உட்கார மாட்டார்கள், அந்த நேரத்தில் அவருக்கு டியூட்டி போடாமல் இருக்கத் தகவலுக்காகச் சேர்த்தது, பழைய டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 'முழு ரகசியம்' என்ற வரியையும், யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் பெயரையும் ஒரே திரையில் பார்க்கிறவருக்கு அந்த விளக்கம் தெரியாது. இடமும் ஜி.எம். அறை. அந்த வீட்டில் கதவை மூடிப் பேசக்கூடிய அறை அது ஒன்றுதானாம். முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கிற வீட்டில், யார் எந்த அறைக்குள் போனார்கள், எத்தனை நேரம் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதைவிட ஆழமான சிக்கல் அறிக்கையில் இருந்தது. எக்ஸிட் இன்டர்வியூவில் வந்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து ஜி.எம்.முக்கு அனுப்புகிறார்கள். பெயர் இருக்காது, பிரிவும் எண்ணிக்கையும் மட்டும் இருக்கும். 500 பேர் வேலை செய்யும் ஆலையில் இது நியாயமான ஏற்பாடு. ஃப்ரண்ட் ஆபீஸில் மொத்தமே ஐந்து பேர் உள்ள இடத்தில், 'ஃப்ரண்ட் ஆபீஸ்: 1 நபர். காரணம்: ஷிப்ட் நேரம்' என்று எழுதினால் பெயரைப் போடாததில் என்ன மிச்சம்? எச்.ஆர். மனதில் ரகசியம் என்றால் பெயரை வெளியிட மாட்டோம் என்று பொருள். கேட்கிறவர் மனதில் நான் சொன்னது என்று தெரியக் கூடாது என்று பொருள். சின்ன நிறுவனத்தில் முதலாவதைக் கொடுக்க முடியும், இரண்டாவதைக் கொடுக்க முடியாது. அதை ஒப்புக்கொள்ளாத எந்த அழைப்பையும் ஊழியர்கள் இரண்டு மூன்று பேர் போவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் 'நல்ல வாய்ப்பு' என்ற பதில்தான் வரும்.

முழு ரகசியம் என்று எழுதக் கூடாது என்பதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. பேட்டியில் ஒருவர் பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொல்லிவிட்டால் எச்.ஆர். அதைக் கேட்டுக்கொண்டு பூட்டி வைத்துவிட முடியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எக்ஸிட் இன்டர்வியூ குறிப்பு அந்தப் புகார் ஆகாது. அதனால் சொன்னவருக்கு வழியைக் காட்டி, எழுத உதவி செய்ய வேண்டும். காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது 'ரகசியமா வெச்சுக்கிறேன்' என்று சமாதானம் சொல்வது அவருக்கே கெடுதல். பண மோசடி, உயிருக்கு ஆபத்தான பாதுகாப்புக் குறைபாடு போன்றவையும் அப்படித்தான். இந்த விலக்குகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மீதி விஷயங்களில் கொடுக்கும் வாக்குக்கு மதிப்பு கூடும்.

அடுத்தது விருப்பம். இங்கேதான் கடிதம் நேரடியாகப் பொய்யாகிப் போனது, எழுதியவருக்கே தெரியாமல். வேலையை விடுகிறவர் கையில் ஒரு நோ டியூஸ் படிவம் கொடுப்பார்கள். சாவி, யூனிபார்ம், அடையாள அட்டை, சிஸ்டம் பாஸ்வேர்டு, முன்பணம் என ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் கடைசிக்கு முந்தைய வரி: 'எக்ஸிட் இன்டர்வியூ முடிந்தது: ஆம் / இல்லை'. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், எல்லா வரிகளும் நிரம்பிய பிறகே ரிலீவிங் லெட்டர் வழங்கப்படும் என்று அச்சடித்திருந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவு வைத்திருக்கும் படிவம் அது. எச்.ஆர். அதைக் கடைசியாக எப்போது படித்தார் என்று அவருக்கே நினைவில்லை. இந்தியாவில் எந்தத் தொழிலாளர் சட்டமும் எக்ஸிட் இன்டர்வியூவைக் கட்டாயமாக்கவில்லை. கடிதம் விருப்பம் என்கிறது. ஆனால் படிவம் அதை யூனிபார்மோடும் சாவியோடும் சேர்த்து, திருப்பிக் கொடுத்துத் தீர வேண்டிய பொருளாக்கிவிட்டது. நீங்கள் இப்படி ஒரு அழைப்பு வாங்கியவராக இருந்தால், முதலில் நோ டியூஸ் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விருப்பமா கட்டாயமா என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

மூன்றாவது, பாதிக்காது என்ற உறுதி. இதில் பொய் இல்லை. எச்.ஆர். பெண் யாருடைய செட்டில்மென்ட்டையும் நிறுத்தி வைத்ததில்லை. சிக்கல் வரிசையில் இருந்தது. பேட்டி நோட்டீஸின் இரண்டாம் வாரத்தில், செட்டில்மென்ட் கடைசி நாளுக்கு 45 நாள் கழித்து. அதாவது வெளிப்படையாகப் பேசிவிட்டு, பேச்சுக்குப் பலன் என்ன ஆகிறது என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் மூன்று வாரம் அதே மேனேஜரின் கீழே டியூட்டி வேறு. இந்த வரிசையை வைத்துக்கொண்டு என்ன வாசகம் எழுதினாலும் நம்பிக்கை வராது. பணம் கொடுத்த பிறகு பேச அழைத்தால் 'பாதிக்காது' என்ற வரியே தேவையில்லை.

45 நாள் என்பது பழக்கத்தில் வந்தது, சட்டத்தில் வந்ததில்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 17-ஆவது பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. பழைய 1936 சட்டத்தில் முதலாளியே வேலையை விட்டு நீக்கியவர்களுக்குத்தான் அந்த இரண்டு நாள் கணக்கு இருந்தது, தானாக விலகியவருக்கு இல்லை. பணிக்கொடைக்கு 30 நாள் கெடு. ஆக, செட்டில்மென்ட்டை முன்னால் கொண்டுவருவது இந்த ஹோட்டலுக்கு எப்படியும் செய்தாக வேண்டிய காரியம். எக்ஸிட் இன்டர்வியூ சரியாவது அதில் கிடைத்த உபரி லாபம்.

(இந்த ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, போன காலத்தில் ஏஜென்டுகளுக்கு மூன்று ஆண்டுத் தவணை. முடிந்தால் அடுத்த ஆளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். ஏன் போகிறாய் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இப்போதைய முதலாளிகளுக்கு அந்த வசதி இல்லை.)

அந்தப் பெண் என்ன செய்தார்? தேவகோட்டையில் அவருடைய சித்தப்பா ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லி, பணிவாக ஒரு பதில் எழுதினார். அறையில் யார் யார் இருப்பார்கள், குறிப்பு எடுப்பீர்களா, அதில் என் பெயர் இருக்குமா, அதை யார் படிப்பார்கள், செட்டில்மென்ட் எந்தத் தேதியில் வரும். இவ்வளவுதான். எச்.ஆர். போனில் கூப்பிட்டு, "அதெல்லாம் டெம்ப்ளேட்மா, பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். கேட்டது ஐந்து தகவல், கிடைத்தது இன்னொரு சமாதானம். என்னைக் கேட்டால், ஆறுதல் சொல்லியே பழகிப்போனவர்களுக்குத் தகவல் கேட்டால்கூட ஆறுதல்தான் வாயில் வருகிறது.

ஆனால் அந்த எச்.ஆர். பெண்ணை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போனை வைத்துவிட்டு யோசித்தாராம், அந்த ஐந்து கேள்வியில் இரண்டுக்குத் தனக்கே பதில் தெரியவில்லை என்று. அதன் பிறகுதான் ஒன்பது கோப்புகளும் இந்த அழைப்பும் என்னிடம் வந்தன.

கோப்பில் உள்ள பதில்கள் வெற்றுப் பதில்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதில்களையே திரும்பத் திரும்பப் படித்துப் பயனில்லை. ஒன்பது பேரின் கடைசி மூன்று மாத ரோஸ்டரை எடுத்து அருகில் வைத்தோம். ஹோட்டல்களில் பிரேக் ஷிப்ட் என்று ஒன்று உண்டு. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, பிறகு மாலை நான்கு முதல் எட்டு வரை. காகிதத்தில் எட்டு மணி நேர வேலை. கானாடுகாத்தானுக்குள்ளேயே வீடு உள்ளவருக்கு மதியம் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரலாம், வசதிதான். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளிக் காரைக்குடியிலிருந்து வருகிறவர் மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அந்த நான்கு மணி நேரத்தில் மிஞ்சுவது சொற்பம். அதனால் போக மாட்டார். ஸ்டோர் ரூம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டியது, விருந்தினர் கார் தாமதமாக வந்தால் ஒன்பதாகும். வெளிநாட்டுப் பயணிகள் வருகிற டிசம்பர், ஜனவரியில் வாரத்தில் ஐந்து நாள் பிரேக் ஷிப்ட் விழுந்திருந்தது. 'சொந்தக் காரணம்', 'நல்ல வாய்ப்பு' என்று எழுதிய ஏழு பேரில் ஐந்து பேர் வெளியூரிலிருந்து வந்து பிரேக் ஷிப்ட் பார்த்தவர்கள். பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி.

'நல்ல வாய்ப்பு' என்று சொன்னவர் எங்கே போனார், என்ன சம்பளத்துக்குப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஃப்ரண்ட் ஆபீஸ் பெண் காரைக்குடியில் ஒரு லாட்ஜுக்குப் போனார். மாதம் 500 ரூபாய் குறைவு. சம்பளம் குறைவான இடத்துக்கு ஒருவர் போகிறார், கோப்பு அதை நல்ல வாய்ப்பு என்கிறது என்றால், அந்த ஹோட்டலில் சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று அவரைத் துரத்தியிருக்கிறது.

அழைப்பை மாற்றினோம். வாசகத்தில் கை வைப்பதற்கு முன் ஏற்பாட்டை மாற்றினோம். நோ டியூஸ் படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுக்க அக்கவுண்ட்ஸ் பிரிவு சம்மதிக்க நேரம் பிடித்தது. படிவ எண், ஆடிட் என்று ஏதேதோ சொன்னார்கள். காலண்டர் பட்டியலிலிருந்து மேனேஜர் பெயர்கள் போயின. பேட்டியைக் கடைசி நாளுக்குப் பிறகு, செட்டில்மென்ட் போனதும், போனில் நடத்துவது என்று முடிவானது. மூன்று மாத அறிக்கையைக் கைவிட்டு, ஐந்து பேராவது சேர்ந்த பிறகு பிரிவு குறிப்பிடாமல் தொகுத்துக் கொடுப்பது என்றும் முடிவானது. இந்த ஹோட்டலில் ஐந்து பேர் சேர ஆறேழு மாதம் ஆகும். அவ்வளவு தாமதம் எச்.ஆருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

பிறகு வந்த கடிதம் இது:

"உங்கள் கடைசி வேலை நாள் 14-ஆம் தேதி. ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் அன்று மாலை கையில் தரப்படும். சம்பள பாக்கி 16-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்குக்கு வரும். பணிக்கொடை ரூ.63,000 அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் வரும், கணக்கு இணைப்பில் உள்ளது. இவை வந்த பிறகு, உங்களுக்கு விருப்பம் இருந்தால், 20 முதல் 30 நிமிடம் போனில் பேச விரும்புகிறேன். பேச விருப்பமில்லை என்றால் இதற்குப் பதில் எழுத வேண்டாம், திரும்பக் கேட்க மாட்டேன். நான் மட்டும்தான் பேசுவேன். குறிப்பு எடுப்பேன், முடிவில் அதைப் படித்துக் காட்டுவேன், வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை அடித்துவிடுவேன். குறிப்பு சென்னையில் என்னிடம் இருக்கும். ஹோட்டல் நிர்வாகத்துக்குப் பல பேர் சொன்னதைத் தொகுத்துத்தான் போகும். ஆனால் நம் ஹோட்டல் சின்னது, சில விஷயங்களைப் படித்தால் யார் சொன்னது என்று ஊகிக்க முடியும். அப்படிப்பட்டதைச் சேர்ப்பதா என்று உங்களிடமே கேட்பேன். துன்புறுத்தல், பண மோசடி, உயிருக்கு ஆபத்தான விஷயம் எதையாவது சொன்னால் அதை மட்டும் நான் என்னிடமே வைத்திருக்க முடியாது, அடுத்து என்ன செய்வது என்று உங்களோடு பேசிவிட்டுச் செய்வேன். கேட்கப் போவது முக்கியமாக இரண்டு: வேலையை விடலாம் என்று முதலில் எப்போது தோன்றியது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது."

பழைய கடிதத்தைவிட இது நீளம். 'குடும்பம்' இல்லை, 'மனம் திறந்து' இல்லை, தலைப்பில் ஆச்சரியக்குறியும் இல்லை. கொஞ்சம் வறட்சியாகவே இருக்கிறது, பரவாயில்லை. தேதி, தொகை, ஆள் என்று சரிபார்க்கக்கூடியவை உள்ளே வந்திருக்கின்றன. 16-ஆம் தேதி பணம் வந்தால் மற்ற வரிகளையும் நம்பலாம், வராவிட்டால் எதையும் நம்ப வேண்டாம். கடைசி இரண்டு கேள்விகளை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் தயாராக வைத்திருக்கும் பதில் வரும். முதலில் எப்போது தோன்றியது என்று கேட்டால் ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், சம்பவம் வெளியே வரும்.

வந்தது. பணம் 16-ஆம் தேதிக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. பணிக்கொடையும் கெடுவுக்குள் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவரே கூப்பிட்டுப் பேசினார். ஜனவரியில் ஒரு நாள், பிரேக் ஷிப்ட் முடிய ஒன்பதரை ஆகி, ஹோட்டல் வண்டி விருந்தினரை அழைக்கத் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருக்க, மெயின் ரோட்டில் தனியாக நின்றிருக்கிறார். மேனேஜருக்குப் போன் போட்டால், "ஆட்டோ புடிச்சுப் போங்க, பில்லு குடுங்க" என்று பதில். ஆட்டோக்காரர் எங்கே பில் கொடுப்பார்? அந்த 400 ரூபாய் கடைசி வரை வரவில்லை. அவருடைய அப்பா மறுநாளே வேலையை விடச் சொல்லிவிட்டார். இவர்தான் இன்னும் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அந்த 400 ரூபாயைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று எச்.ஆர். கேட்டதற்கு, "சேருங்க, ஆனா ஆட்டோன்னு போடாதீங்க, மேனேஜருக்கு உடனே தெரிஞ்சுரும்" என்றார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வெளியூர்ப் பெண்களுக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் பிரேக் ஷிப்ட் போடுவதில்லை என்று ரோஸ்டரில் விதி வந்தது. மதியம் படுக்க ஒரு அறை ஒதுக்கினார்கள். இரவு எட்டரைக்கு மேல் ஆனால் வண்டி ஏற்பாடு செய்வது டியூட்டி மேனேஜர் பொறுப்பு. இவற்றைச் செய்ய பத்துப் பேர் போக வேண்டியிருந்ததா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதோடு, தொகுப்பு அறிக்கை போய்ச் சேர்வதற்கு முன்பே இது யார் சொன்னதாக இருக்கும் என்று ஜி.எம். சரியாக ஊகித்துவிட்டார். புதிய லாட்ஜிலிருந்து விசாரித்தபோது நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது அவருடைய பெருந்தன்மை. கடிதம் அதற்குப் பொறுப்பேற்க முடியாது.

அடுத்து நோட்டீஸ் கொடுத்தவர் சமையல்கட்டில் இருந்து. புதிய கடிதம் அவருக்கும் போனது. பதில் எழுதவில்லை, பேசவும் இல்லை. ரிலீவிங் லெட்டர் கடைசி நாள் மாலையிலேயே கொடுத்தார்கள், யாரும் திரும்பக் கேட்கவில்லை. எச்.ஆரின் மேலதிகாரிக்கு இதில் வருத்தம். பத்துக்குப் பத்து என்று இருந்த எக்ஸிட் இன்டர்வியூ கணக்கு இப்போது பதினொன்றுக்குப் பத்து ஆகிவிட்டதாம், அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் விளக்கம் கேட்பார்கள் என்கிறார். காலண்டர் டெம்ப்ளேட்டும் இன்னும் பழையபடி மேனேஜர் பெயரைத் தானாகச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறையும் கையால் எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.